ஐந்து சென்டிமீட்டரில் பிடிபட்ட ஸ்கேல்

பாடத் தலைப்புச் சீட்டுகள் போட்டிருந்த டப்பாவுக்குள் கையை விட்டபோது, முதலில் விரலில் பட்டதை எடுத்திருக்கலாம். அதை விட்டுவிட்டு அதற்கு அடியில் இருந்ததை எடுத்தேன். நான் விட்ட சீட்டை எனக்குப் பின்னால் நின்றவள் எடுத்தாள். அதில் வாலிபால் மைதானத்தின் அளவுகள் இருந்தன. என்னுடையதில், “விளையாட்டில் தகவல் செயலாக்க மாதிரியும் எதிர்வினை நேரமும். ஒரு கோல்கீப்பரை எடுத்துக்காட்டி விளக்குக” என்று இருந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. உடற்கல்வி ஆசிரியர் பயிற்சிக்காக ஆம்பூரிலிருந்து தினமும் பஸ்ஸில் கல்லூரிக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். ஒரு வருடப் படிப்பு. கடைசியில் வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால், சக மாணவிகளையே வகுப்பாக உட்காரவைத்து ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அதில் தேறினால் எங்கள் ஊர்ப் பெண்கள் பள்ளி ஒன்றில் வேலை. தலைமையாசிரியை ஜூன் மாதம் வரை இடத்தை வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். தேறாவிட்டால் இன்னொரு வருடம். ஆனால் இன்னொரு வருடம் என்பது என்னிடம் இல்லை. இன்னும் ஒரு வயது நிரம்பாத கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போகிறவள் நான். “ஒரு வருஷம் நான் பாத்துக்கறேம்மா” என்று அவர் முதல் நாளே சொல்லிவிட்டார். அந்த ‘ஒரு’வை அவர் அழுத்திச் சொன்னாரா, சாதாரணமாகத்தான் சொன்னாரா என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

குழந்தை வேறு காலையில் என்னைப் பாடாய்ப் படுத்தினாள். ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டும். அதுவரை கரண்டிகளைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருப்பாள். நான் பையைத் தொடுவதற்கு முன்பே அவள் முகம் கோணிக்கொள்ளும். பையைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்துப் பார்த்தேன். செருப்பை முன்னாலேயே வாசலுக்கு வெளியே கொண்டுபோய் வைத்தேன். விடிந்ததும் வெளிப்புடவையைக் கட்டிக்கொண்டு அதோடே சமைத்தேன். ஒன்றுக்கும் மசியவில்லை. “அதுக்குத் தெரியுது” என்பார் மாமியார். எப்படித் தெரிகிறது என்று அவருக்கும் சொல்லத் தெரியாது. நான் மாதனூர் வரும்வரை பஸ் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே போவேன்.

இந்த நிலைமையில் சீட்டோடு வீட்டுக்கு வந்தேன்.

என் கணவர் தோல் தொழிற்சாலையில் தோல்களைத் தரம் பிரிக்கிற வேலையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தொழிற்சாலைக் கால்பந்து அணியின் கோல்கீப்பர். நான் கோல்கீப்பரைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை என்பதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

“அதான் நான் இருக்கேனே, டீச்சரம்மா. வேணும்னா என்னையே தூக்கிட்டுப் போய் மேஜை மேல நிக்க வெச்சுடு.”

“சும்மா இருங்க. உங்க தலைக்குள்ள என்ன நடக்குதுன்னுதான் நான் சொல்லணும்.”

“அங்க ஒண்ணும் நடக்கறதில்ல அண்ணி, நான் சின்ன வயசுலேந்து பாக்கறேன்” என்றாள் என் நாத்தனார். அவள் ஷூவின் மேல்பாகம் தைக்கும் கம்பெனியில் மெஷினில் உட்காருகிறவள். வேலையிலிருந்து வந்து கால் நீட்டிக்கொண்டு, அண்ணனைக் கிண்டல் பண்ணினால்தான் அவளுக்குக் களைப்பு போகும்.

நான் நோட்டைத் திறந்து படம் போட்டுக் காட்டினேன். கட்டம் கட்டமாக, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அம்புக்குறி. வெளியிலிருந்து தகவல் உள்ளே வருகிறது. கண்ணும் காதும் உடம்பின் உணர்வும் அதை வாங்குகின்றன. மூளை அதைப் பார்த்து இன்னதென்று அறிகிறது, என்ன செய்வதென்று தீர்மானிக்கிறது, தசைகளுக்கு உத்தரவு போகிறது, உடம்பு அசைகிறது. அசைந்ததன் பலன் திரும்பவும் மூளைக்கே தகவலாக வந்து சேர்கிறது.

அவர் நோட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “இது எங்க கம்பெனிதானே” என்றார்.

அவர் சொன்னதைத்தான் பிறகு நான் பாடத்தில் வைத்துக்கொண்டேன். லாரியில் தோல் வந்து இறங்குகிறது, அது உள்ளீடு. இறங்கினதையெல்லாம் ஒரே சமயத்தில் பார்க்க முடியாது. கோல் போஸ்டில் நிற்கிறவனுக்குப் பந்தும் தெரியும், அடிக்க ஓடி வருகிறவனும் தெரிவான், வெயிலும், கூச்சலும், மைதானத்தில் குறுக்கே போகிற ஆடும்கூடத் தெரியும். அதில் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளுவது ஒரு வேலை. எடுத்ததை மேஜையில் விரித்துப் பார்க்கிற நேரம் மிகக் குறைவு. அது குறுகிய கால நினைவு. இந்தத் தோலில் இருப்பது உண்ணி கடித்த வடுவா, கத்தி பட்ட கீறலா என்று எப்படிச் சொல்கிறார்? இதற்கு முன் பார்த்த ஆயிரக்கணக்கான தோல்கள் மனதுக்குள் கிடங்கில் அடுக்கியிருப்பது போல இருக்கின்றன. அது நீண்ட கால நினைவு. அதோடு ஒப்பிட்டு இன்னதென்று அறிகிறார். பிறகு இது எந்தத் தரம் என்று தீர்மானிக்கிறார். ஆட்கள் தூக்கிக்கொண்டு போகிறார்கள். சரக்கு வாங்கினவர் தப்பு என்று கடிதம் போட்டால் அடுத்த முறை கண் இன்னும் கூர்மையாகிறது, அது பின்னூட்டம்.

“கோல் விட்டா ஜனங்க திட்டறாங்களே, அதுவும் அதான்” என்றாள் நாத்தனார். “அண்ணாவுக்கு பின்னூட்டம் ஜாஸ்தி.”

“போடி.”

எதிர்வினை நேரம் என்று வந்தபோதுதான் அவருக்கும் எனக்கும் சண்டை. பந்தில் கால் பட்ட கணத்திலிருந்து கோல்கீப்பரின் உடம்பு அசையத் தொடங்கும் கணம் வரைக்கும்தான் அது. தொடங்கியதிலிருந்து கை பந்தைத் தொடும்வரை ஆகிற நேரம் வேறு. அதை அசைவு நேரம் என்பார்கள். இரண்டையும் கூட்டினால் மொத்த நேரம். “பாயறதுல என்னை மிஞ்ச ஆள் இல்ல” என்றார் அவர். பாய்வது அசைவு நேரம், அது உங்களுக்குக் குறைவாக இருக்கலாம், அதற்காக எதிர்வினை நேரமும் குறைவு என்று ஆகாது என்று நான் புத்தகத்தைக் காட்டினேன். இப்படியெல்லாம் பிரித்துப் பேசினால் யாரும் பந்தே பிடிக்க முடியாது என்று அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பெனால்டி அடிக்கும்போது பந்து பன்னிரண்டு கஜ தூரம் வர வேண்டும். நன்றாக அடித்த பந்து அரை நொடிக்குள் வந்துவிடும். பந்து எங்கே போகிறது என்று பார்த்து, அறிந்து, தீர்மானித்து, அதன்பின் உடம்பைத் தூக்கி மூலைக்கு எறிய அந்த நேரம் போதாது. ஆகவே நல்ல கோல்கீப்பர் பந்து புறப்படும்வரை காத்திருப்பதில்லை. அதற்கு முன்பே கிடைக்கிற அறிகுறியைப் படிக்கிறார். இதை முன்னறிதல் என்று நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டிருந்தேன். எழுதினேனே தவிர எனக்கு அது அப்போது விளங்கவில்லை என்பது பின்னால் தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். கோல் போஸ்டுக்குப் பின்னால் நின்று குறிப்பு எடுக்கத்தான். பெண்கள் வந்து நின்றதால் அன்று எல்லோருமே கொஞ்சம் கூடுதல் வேகமாக ஆடினார்கள்.

“எதைப் பாத்து பாயறீங்க?” என்று அவரை முன்பே கேட்டிருந்தேன். “அடிக்கறவன் தரையில ஊணற காலு. அது எந்தப் பக்கம் பாக்குதோ பந்து அந்தப் பக்கம்” என்றார். பெனால்டி அடித்துப் பழகியபோது உண்மையாகவே இரண்டு பந்துகளைப் பிடித்தார். மூன்றாவதாக வந்தவன் தோல்களைப் போட்டுச் சுழற்றிப் பதனிடும் டிரம் செக்‌ஷனில் வேலை செய்யும் ஒரு ஒல்லியான ஆள். ஓடி வந்தவன் அடிக்கிற மாதிரி ஒரு கணம் காலை வீசி நிறுத்தினான். என் கணவர் வலது பக்கம் முழு நீளத்துக்குப் பாய்ந்துவிட்டார். அவர் தரையில் படுத்துக்கொண்டு தலையைத் திருப்பிப் பார்க்க, அந்த ஆள் பந்தைக் குழந்தைக்கு உருட்டிவிடுவது போல இடது பக்கம் உருட்டினான்.

“இன்னாண்ணா, தூக்கம் வந்துடுச்சா?” என்று நாத்தனார் கத்தினாள்.

வீட்டுக்கு வரும் வழியில் வெயில் கண்ணில் அடித்தது என்று அவர் சொன்னார். வெயில் அவர் முதுகுப் பக்கம் இருந்தது. அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று நான் யோசிப்பதற்குள் வீடு வந்துவிட்டது. ஆனால் புத்தகத்தில் அதற்கும் விடை இருந்தது. மூளை ஒரு சமயத்தில் ஒரு தகவலுக்குத்தான் பதில் தயாரிக்கும். முதல் தகவலுக்கான வேலை நடந்துகொண்டிருக்கும்போது இரண்டாவது வந்தால் அது வரிசையில் காத்திருக்க வேண்டும். அந்தத் தாமதத்தைத்தான் ஏமாற்றி அடிப்பவன் பயன்படுத்துகிறான்.

“டிரம் சுத்த ஆரம்பிச்சப்புறம் ‘இந்தத் தோலு வேணாம், எடு’ன்னா எடுக்க முடியுமா?” என்றார் அவர், சமாதானமாகி. “நின்னாதான் எடுக்கலாம்.” அதையும் குறித்துக்கொண்டேன். பாடம் முழுக்கத் தொழிற்சாலையாகிக்கொண்டிருந்தது. இது சரியா, தேர்வாளர் வேறு ஊர்க்காரராக இருந்து தோல் பதனிடுவதே தெரியாதவராக இருந்தால் என்ன செய்வது என்று ஒரு நாள் எல்லாவற்றையும் அடித்தேன். மறுநாள் திரும்பவும் எழுதினேன்.

அடுத்து ஸ்கேல். எதிர்வினை நேரத்தை அளக்க விலை உயர்ந்த கருவி எதுவும் எங்களிடம் இல்லை. ஆனால் முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலே போதும். ஒருவர் ஸ்கேலை மேல்நுனியில் பிடித்துத் தொங்கவிட வேண்டும். மற்றவர் பூஜ்யம் இருக்கும் கீழ்நுனிக்குப் பக்கத்தில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அகலமாக வைத்திருக்க வேண்டும். சொல்லாமல் விட்டதும் பிடிக்க வேண்டும். எத்தனை சென்டிமீட்டர் விழுந்ததோ அதை வைத்து நேரத்தைக் கணக்கிட்டுவிடலாம். இருபது சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு.

ஒரே தாளத்தில் விடக்கூடாது, எதிராளி எண்ணிவிடுவார் என்று எங்கள் விரிவுரையாளர் எச்சரித்திருந்தார். நான் கடமை தவறாதவள். எத்தனை நொடி காத்திருந்து விடுவது என்று முன்பே ஒரு பட்டியல் எழுதிவைத்துக்கொண்டேன். இரண்டு, நான்கு, மூன்று, இரண்டு, ஐந்து என்று மாறி மாறி. அதை மனதுக்குள் எண்ணி அதன்படியே விட்டேன்.

சனிக்கிழமை மதியம். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். என் கணவர் முதலில். ஸ்கேலின் அடிநுனியைக் கண் இமைக்காமல், பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தார். பத்தொன்பது. பதினெட்டு. இருபது.

“நல்லாத்தான் இருக்கு” என்றேன்.

“நல்லாத்தானா? பிரமாதம்னு எழுது.”

நாத்தனார் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவள் அவரைப் போலக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே விரலை வைத்தாள். ஆறு சென்டிமீட்டர். திரும்பவும் விட்டேன். ஐந்து. மூன்றாவது முறை ஏழு.

என் கணவர் ஸ்கேலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல ஏதோ கோளாறு.”

“ஸ்கேலுக்கு இன்னா கோளாறு வரும்? நாள் பூரா ஊசிக்குப் பக்கத்துல விரல வெச்சிட்டு தைக்கறேன் நானு. நீ தோலத் தடவிட்டு உக்காந்துருக்க.”

“அண்ணனை நீன்னு சொல்றியாடி?”

“அஞ்சு சென்டிமீட்டர்ல புடிச்சவ எப்பிடி வேணா சொல்லுவா.”

பிறகு இரண்டு ஸ்கேல் சோதனை. இரண்டு கைகளிலும் ஒவ்வொரு ஸ்கேல் பிடித்துக்கொண்டு ஏதாவது ஒன்றை மட்டும் விடுவது. எது விழுகிறதோ அந்தப் பக்கக் கையால்தான் பிடிக்க வேண்டும். வாய்ப்புகள் கூடினால் தீர்மானிக்க ஆகிற நேரமும் கூடும் என்பதைக் காட்ட இது. என் கணவரால் பிடிக்க முடியவில்லை. ஸ்கேல் தரையில் விழுந்து சத்தம் போட்டது. நாத்தனாராலும் முடியவில்லை. ஒற்றை ஸ்கேலில் அப்படிப் பிடித்தவளுக்கு இரட்டை ஸ்கேலில் எல்லோரையும் போலவே விழுந்தது. அது ஏன் என்று நான் அப்போதே நின்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஸ்கேல் விழுந்த சத்தத்தில் குழந்தை எழுந்துவிட்டாள்.

அவள் பசிக்கு அழுகிறாளா, எறும்பு ஏதும் கடித்ததா, துணி ஈரமா, வயிற்று வலியா என்று நான் நின்றுகொண்டிருந்தேன். மாமியார் வந்து தூக்கிக்கொண்டு போனார். அழுகை நின்றது.

“இதான் நீ சொன்னது” என்றார் என் கணவர். “வாய்ப்பு கூடினா நேரம் கூடும். எங்களுக்கு ரெண்டு ஸ்கேலு. உனக்கு எப்பவும் பன்னண்டு ஸ்கேலு தொங்குது. கத்திரிக்கா வாங்கப் போனாலே பஜார் மூடிடுது.”

நாத்தனார் சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் உதாரணம் சரியாக இருந்ததால் அதையும் நோட்டில் எழுதினேன், கத்திரிக்காயை மட்டும் விட்டுவிட்டு.

பாடத்துக்கு முன்னால் கல்லூரியிலும் இரண்டு முறை ஒத்திகை பார்த்தேன். என் வகுப்பில் திருப்பத்தூர்க்காரி ஒருத்தி இருந்தாள். கல்லூரி ஹாக்கி அணியில் கோல்கீப்பர். முதல் ஒத்திகையில் அவள் பதினேழு பிடித்தாள். இரண்டாவது ஒத்திகையில் எட்டு. பயிற்சியால் முன்னேற்றம் என்று எழுதிக்கொண்டேன். வீட்டில் நாத்தனாரின் ஐந்தையும் சேர்த்து, பழகிய கை எவ்வளவு வேகமாகும் என்று ஒரு விளக்க அட்டையே தயாரித்தேன். பச்சை மையில் எழுதினேன். அழகாக வந்திருந்தது.

பாடத்தன்று தேர்வாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நரைத்த மீசை. உட்கார்ந்ததும் பெஞ்சுக்கு அடியில் ஷூவைக் கழற்றிவிட்டார். நான் தோல் தொழிற்சாலையை விவரித்தபோது அவர் தன் ஷூவைக் குனிந்து ஒரு தடவை பார்த்ததைக் கவனித்தேன். அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. கட்டங்களை வரைந்தேன். அம்புக்குறி போட்டேன். ஏமாந்து பாய்ந்த கோல்கீப்பரைச் சொன்னதும் வகுப்பு சிரித்தது. அவர் என் கணவர் என்று நான் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பிறகு திருப்பத்தூர்க்காரியைக் கூப்பிட்டு ஸ்கேலை விட்டேன். ஆறு சென்டிமீட்டர்.

வகுப்பு கை தட்டியது. கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

“ஆறு சென்டிமீட்டர் விழ எவ்வளவு நேரம் ஆகும்மா?”

அட்டவணையைப் பார்த்தேன். “ஒரு நொடியில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு, சார்.”

“கண் பாக்கணும். மூளைக்குப் போகணும். மூளை தீர்மானிக்கணும். விரலுக்கு உத்தரவு வரணும். விரல் மூடணும். இந்த அஞ்சு வேலையும் அதுக்குள்ள முடிஞ்சுடுச்சா?”

நான் என் படத்தைப் பார்த்தேன். அத்தனை கட்டங்களையும் அத்தனை அம்புக்குறிகளையும் நானே வரைந்திருந்தேன். அந்த நேரத்துக்குள் தகவல் எல்லாக் கட்டத்தையும் தாண்டி வந்து சேர முடியாது. இது தெரியாமல் பச்சை மையில் அட்டை வேறு எழுதியிருக்கிறேன்.

ஸ்கேல் சரியில்லை என்று சொல்லலாம். விரலை நெருக்கி வைத்திருந்தாள் என்று சொல்லலாம். திரும்பச் செய்து பார்க்கிறேன் என்று சொல்லலாம். தெரியவில்லை என்றும் சொல்லலாம். பன்னிரண்டு ஸ்கேல் தொங்கிக்கொண்டிருந்தது. ஜூன் மாதமும் மாமியாரின் ‘ஒரு’வும் நினைவுக்கு வந்தன. அப்போது நாத்தனார் நிமிர்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே ஸ்கேலைப் பிடித்தது கண்முன் வந்தது. இரண்டு ஸ்கேல் விட்டபோது அவளுக்கும் கீழே விழுந்ததே! அவளுக்கு எப்போது என்று தெரிந்திருக்கிறது. எது என்று தெரியவில்லை.

“நீ ஸ்கேலைப் பாத்துப் பிடிக்கல, இல்ல?” என்று திருப்பத்தூர்க்காரியைக் கேட்டேன்.

அவள் தேர்வாளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “இல்லக்கா.”

“எதைப் பாத்த?”

“சொன்னா கோச்சுக்காதீங்க. நீங்க விடறதுக்கு முன்னாடி கீழ் உதட்டக் கடிப்பீங்கக்கா. ஒவ்வொரு தடவையும். மொத ஒத்திகையில எனக்குத் தெரியல. ரெண்டாவதுல தெரிஞ்சிடுச்சு.”

வகுப்பு வெடித்துச் சிரித்தது. எனக்குக் காது வரை சுட்டது. நொடிகளைப் பட்டியல் போட்டு மாற்றி மாற்றி எண்ணியவள், எண்ணி முடித்ததும் உதட்டைக் கடித்து எல்லோருக்கும் தகவல் கொடுத்திருக்கிறேன்!

மேஜை மேலிருந்த வருகைப் பதிவேட்டை எடுத்தேன். அதை இடது கையால் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஸ்கேலைத் தொங்கவிட்டேன். பதிவேட்டுக்குப் பின்னால் என் உதடு என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. விட்டேன். “எவ்வளவு?” என்றேன் பதிவேட்டுக்குப் பின்னாலிருந்தே.

“இருவதுக்கா.”

திரும்பவும். பத்தொன்பது. திரும்பவும். இருபத்தொன்று.

பதிவேட்டை இறக்கினேன். என்ன சொல்ல வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. அந்த வருடத்தில் அப்படி ஒரு கணம் அதுதான். “இருபதுதான் இவளோட எதிர்வினை நேரம்” என்றேன். “ஆறு வந்தது எதிர்வினையே இல்லை. அது முன்னறிதல். இவள் என் உதட்டைப் படித்த மாதிரிதான் கோல்கீப்பர் அடிப்பவனின் ஊன்றும் காலைப் படிக்கிறார். அவருடைய மூளை நம்மைவிட வேகமாக ஓடுவதில்லை. முன்னாலேயே புறப்பட்டுவிடுகிறது. எங்கே பார்க்க வேண்டும் என்று அனுபவம் அவருக்குச் சொல்லியிருக்கிறது. அதே அறிகுறியைப் பொய்யாகக் காட்டினால் ஏமாந்தும் போவார்.” கடைசியில், என் பச்சை மை அட்டையைக் கழற்றி மேஜையில் குப்புற வைத்தேன். “இந்த அட்டையில் இருப்பது தப்பு” என்றேன்.

தேர்வாளர் ஷூவை மாட்டிக்கொண்டு எழுந்து வந்தார். படத்தைப் பார்த்தார். குப்புறக் கிடந்த அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “கையெழுத்து நல்லா இருக்கு” என்று மட்டும் சொன்னார். பஸ்ஸில் வீடு வரும்வரை அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்துக்கொண்டு வந்தேன். அந்த அர்த்தம் பத்து நாள் கழித்துப் பெயர்ப் பட்டியல் ஒட்டியபோதுதான் தெரிந்தது. தேறியிருந்தேன். பட்டியலை மூன்று முறை பார்த்தேன். அதே பெயரில் வேறு யாராவது இருக்கிறார்களா என்றும் பார்த்தேன்.

ஆனால் பாடத்தன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முதலில் நாத்தனாரைத்தான் பிடித்தேன்.

“உனக்கு முன்னமே தெரியுமா?”

“எது? உதடா?” என்றாள் அவள், கொஞ்சமும் கூச்சமில்லாமல். “கல்யாணம் ஆயி நீங்க வந்த மொத மாசமே தெரியும். அம்மாகிட்ட எதையாவது கேக்கப் போறீங்கன்னா அதுக்கு முன்னாடி கடிப்பீங்க.”

“அப்புறம் ஏன் சொல்லல? என் பாடமே போயிருக்குமே!”

“சொன்னா கடிக்கறத நிறுத்திடுவீங்க. அப்புறம் அண்ணாவ நான் எப்பிடி ஜெயிக்கறது?”

என் கணவர் கைகால் கழுவிவிட்டு வந்தவர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். “அப்போ நான்தான் ஒழுங்கா ஸ்கேலப் பாத்துப் புடிச்சவன். இந்த வீட்டுல நேர்மையான கோல்கீப்பர் நான் ஒருத்தன்தான்னு எழுது.”

“பொண்டாட்டி மூஞ்சியப் பாக்காத கோல்கீப்பர்னு எழுதுங்க அண்ணி.”

மாமியார் சமையலறையிலிருந்து சிரித்தது கேட்டது. அவருக்கும் தெரியும் போலிருக்கிறது.

மறுநாள் காலை கல்லூரியில் ஒப்படைக்க வேண்டிய நோட்டுகள் இருந்தன. ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டும். குழந்தை தரையில் உட்கார்ந்து கரண்டிகளைத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் இன்னும் பையின் பக்கம்கூடப் போகவில்லை. இனி கிளம்ப வேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். அவள் தட்டுவதை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்த்தாள். முகம் கோண ஆரம்பித்தது. என் பல்லுக்கு அடியில் உதடு இருந்தது.

பையை ஒளித்தேன், செருப்பை ஒளித்தேன், உதட்டை மட்டும் இத்தனை மாதமாக முகத்தின் நடுவிலேயே வைத்திருந்திருக்கிறேன்.

கைக்கு எட்டின நோட்டை எடுத்து முகத்துக்கு முன்னால் பிடித்தேன். நோட்டுக்குப் பின்னால் நின்றேன். அழுகை வரவில்லை. ஓரமாக எட்டிப் பார்த்தேன். அவள் கரண்டியைத் தூக்கிக்கொண்டு கெக்கெக்கென்று சிரித்தாள்; நான் கண்ணாமூச்சி ஆடுகிறேன் என்று அவள் தீர்மானித்துவிட்டாள். அப்படியே நோட்டோடு பின்னால் நடந்து, பையை எடுத்து, வாசலைத் தாண்டினேன். கடைசி வரை அழவில்லை.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. முதல் முறையாக நிம்மதியாக உட்கார்ந்தேன். பஸ் கிளம்பியதும் ஒரு யோசனை வந்தது. நான் போனதே தெரியாமல் சிரித்துக்கொண்டிருக்கிறாளே, இனிமேல் என்னைத் தேடவே மாட்டாளோ?

மாதனூர் வரும்வரை அழுதேன்.